வட்டக்கோட்டைக்குப் போகாத வண்டி

அண்ணன் செத்து மூன்றாவது வாரம் அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவன் போனை அம்மா அணைக்கவே விடவில்லை. தினமும் சார்ஜ் போட்டு, அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி பக்கத்தில் வைத்திருந்தாள். லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்புகளைக்கூட எடுத்து, "அவன் இல்ல மக்கா" என்று சொல்லிக் கொண்டிருந்தாள். அந்த மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். ஆனால் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அது வந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்த சித்தப்பாவிடம் போய்விட்டாள்.

அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

நான் கருங்கலில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். அன்றைக்குக் கடை அடைத்து வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா, சித்தி, அம்மா மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். நெட் சென்டரில் எடுத்த பிரிண்ட், டிராபிக் போலீஸ் அபராதம் போட்ட சலான். மேலே அண்ணனுடைய பெயர், அப்பா பெயர், எங்கள் வீட்டு விலாசம், வண்டி நம்பர். கீழே குற்றம் என்ற இடத்தில் இரண்டு வரி. ஹெல்மெட் இல்லை, ஒரு வண்டியில் மூன்று பேர். இடம், வட்டக்கோட்டை ரோடு. தேதி, போன ஞாயிற்றுக்கிழமை. அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பின்னாலிருந்து எடுத்தது. ஒரு பைக், மேலே மூன்று பேர். முன்னாலும் பின்னாலும் பையன்கள். நடுவில் ஒரு பெண், சடை போட்டு, ஷால் பறக்க.

"இது யாருட்டி?" என்று சித்தப்பா கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வண்டிச் சாவி யாருக்க கையில இருக்கு?"

சாவி என்னிடம்தான் இருந்தது. நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடியும்வரை அண்ணன் வண்டியை யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதைப் பின்புறம் சாய்ப்பில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். சாவி என் பையில் கிடந்தது. வேறு யாரிடம் கொடுப்பது? சித்தப்பாவிடம் கொடுத்தால் அவர் மகன் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

"நான் எடுக்கல," என்றேன்.

சித்தி படத்தை விரலால் தட்டினாள். "அப்போ இந்த ஷாலு?"

"எங்கிட்ட இப்பிடி ஷாலு இல்ல சித்தி."

"துணிக்கடையில நிக்கவளுக்கு ஷாலுக்கா பஞ்சம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான். "ஞாயித்துக்கிழமை உச்சைக்குப் பொறவு உன்னக் காணலியே மக்கா. எங்கன போன?"

கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் கிடந்த இடத்தில் மண் இன்னும் இறுகவில்லை. பக்கத்துக் கல்லறையின் சிமெண்டு மேல் உட்கார்ந்து இருட்டும்வரை இருந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் போனேன். அதை அந்தத் தாளுக்கு மறுமொழியாக அங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவே இல்லை. "எங்கயும் போகல" என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அது இன்னும் கெட்டதாகப் போயிற்று.

என் அண்ணன் கொத்தன். சாரம் சரிந்து விழுந்து செத்தான். பெற்ற மகன் போய் மூன்று வாரத்தில், இருக்கிற ஒரே மகள் அவன் வண்டியில் பையன்களோடு கடற்கரைக்கு ஊர்சுற்றப் போனாள் என்று ஒரு தாய் நம்புகிறாள். ஏன் நம்புகிறாள்? சர்க்கார் கம்ப்யூட்டர் சொல்கிறது. நான் சொல்வது பெரிதா, கம்ப்யூட்டர் சொல்வது பெரிதா? நீ வண்டியில் ஏறினாயா இல்லையா என்று அம்மா மறுபடி கேட்கவே இல்லை. அவளுக்குப் பதில் கிடைத்தாயிற்று. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "வட்டக்கோட்டை நல்லா இருக்குமாமே, காத்து அள்ளிட்டுப் போகுமாமே?" என்றாள். சித்தி காலையிலேயே வந்து நைட்டி பார்ப்பதுபோல் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் சோற்றை மூடி வைத்தேன். அப்போதே அந்தப் பிள்ளை, "உனக்க சித்தப்பா நெட் சென்டர்லதான் இருக்காரு, காசு கட்டப் போறாராம்" என்றும் சொன்னாள்.

நெட் சென்டர் எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. நான் ஓடினேன்.

அதை ஒரு அக்கா நடத்திக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு, கரண்டு பில், பரீட்சை ரிசல்ட் எல்லாம் அவளிடம்தான். சித்தப்பா அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏ.டி.எம். கார்டைப் புரட்டிப் புரட்டி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் அண்ணன் பெயர் தெரிந்தது.

"கட்டாதீங்க," என்றேன்.

"நீ எதுக்குட்டி வந்த? இருநூறு ரூவா. கெட்டினா தீந்துது. ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

"சித்தி சொல்லி எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு."

"அதுக்குத்தான் சொல்லுகேன். இத வச்சிட்டிருந்தா வண்டிய பேரு மாத்த முடியாது. ஆர்.டி. ஆபீசுல சலான் கிடக்குன்னு தள்ளிருவான்."

யார் பெயருக்கு மாற்றப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் மகனுக்கு லைசன்ஸ் எடுத்தாயிற்று என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, ஓ.டி.பி. வந்துதா?" என்று அக்கா கேட்டாள். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் இரண்டு கையையும் கீபோர்டு மேல் வைத்து அமுக்கினேன். திரையில் ஏதேதோ எழுத்து ஓடியது.

"அட, இவளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு!" என்று சித்தப்பா எழுந்தார்.

"சண்டை வெளிய போடுங்க. கீபோர்டு எனக்க காசு," என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "என்ன பிள்ளே, கெட்ட வேண்டாமா?" என்று கேட்டாள்.

"நாங்க செய்யாத தப்புக்கு எதுக்குக் கெட்டணும்? கெட்டினா நாந்தான்னு ஆவாதா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஆவும்தான். கெட்டினா நீங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். பொறவு தப்புன்னு போய் நின்னா, அப்போ எதுக்குக் கெட்டினன்னு கேப்பான்."

"கெட்டலன்னா?" என்றார் சித்தப்பா.

"கொஞ்ச நாள் பாப்பான். பொறவு கோர்ட்டுக்கு அனுப்புவான். சம்மன் வரும். அங்க போய் நான் செய்யலன்னு சொல்லலாம்."

"கோர்ட்டா! ஒரு செத்தவன் பேருல கோர்ட்டா!" சித்தப்பா கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லா இரி. உனக்க அம்மைய கோர்ட்டுல ஏத்து." போய்விட்டார்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அக்கா அந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலிலிருந்து திறந்தாள். வண்டி நம்பரோ, லைசன்ஸ் நம்பரோ, சலான் நம்பரோ ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று காட்டினாள். மெசேஜில் வந்த சலான் நம்பரையே போட்டாள். பக்கத்தில் கோணல்மாணலாக இருந்த எழுத்துகளைப் பார்த்து அடித்தாள். ஒரே ஒரு வரி வந்தது. அண்ணன் பெயர், இருநூறு, பாக்கி என்று சிவப்பில். அதன் ஓரத்தில் பணம் கட்டும் பொத்தான். அவள் அதைத் தொடாமல் சலானைத் திறந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள்.

திரையில் கலர் இருந்தது. ஆனால் வெயில் இறங்குகிற நேரம், எதிர் வெளிச்சம். எல்லாம் நிழலாகத் தெரிந்தது. ஷால் என்ன நிறம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வண்டியும் எங்கள் வண்டி மாதிரிதான். ரோட்டில் பாதிப் பேர் அந்த மாதிரிதான் வைத்திருக்கிறார்கள்.

"நம்பர் பிளேட்டப் பாருங்க அக்கா."

அவள் இன்னும் பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாக உடைந்தது. பின்னால் உள்ள எழுத்தும் நாலு எண்ணும் அப்படியே எங்கள் வண்டி. முன்னால் டி.என். அதற்கு அடுத்து ஏழு. அதற்கு அடுத்து?

"உங்க வண்டி எழுபத்தி நாலா?" என்றாள் அக்கா.

"ஆமா. அண்ணன் நாரோயில்ல ஒருத்தர்ட்டயிருந்து செகண்டு வாங்கினான்."

"இது நாலு இல்ல பிள்ளே. அஞ்சு."

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குகிறவர்கள் மார்த்தாண்டத்தில் பதிவார்கள். அது எழுபத்தைந்து. நாகர்கோவிலில் பதிந்தால் எழுபத்துநாலு. பின்னால் ஒரே எழுத்தும் ஒரே எண்ணும் இரண்டுக்கும் வரலாம். யாரோ மேற்குப் பக்கத்துப் பையன் அங்கே போய் மாட்டியிருக்கிறான். அந்தக் கிழக்குப் பக்கத்துப் போலீஸ்காரர் எழுபத்துநாலு என்று தட்டியிருக்கிறார். மெஷின் எங்கள் அண்ணனை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

அக்கா அந்த வெப்சைட்டிலேயே புகார் எழுதும் இடத்துக்குப் போனாள். சலான் தவறான வண்டிக்கு எழுதப்பட்டது என்று அவளே இங்கிலீஷில் அடித்தாள். பெரிதாக்கிய படத்தைச் சேர்த்தாள். சாயங்காலம் நான் ஆர்.சி. புத்தகத்தையும், சாய்ப்பில் கிடந்த எங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் போனில் எடுத்த படத்தையும் கொண்டு போனேன். அதையும் ஏற்றினாள். ஒரு புகார் எண் வந்தது.

"பதில் வருமா அக்கா?"

"போடுகதுதான் நம்ம கையில. வருமான்னு எங்கிட்ட கேக்காத."

வரவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் போய் நிற்பேன். அவள் தலையை ஆட்டுவாள். வீட்டில் பெரிதாக்கிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு எண் தெரியும். ஆனால் அது பிரிண்டில் ஒரு கறுப்புத் திட்டாக வந்திருந்தது. "நாலா அஞ்சா, எனக்குக் கண்ணு தெரியல்ல," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கண் தெரியவில்லையாம். நடுவில் இருந்த பெண்ணின் சடை மட்டும் தெரிந்ததாம்.

சித்தப்பா வந்து சொன்னார். "நேருல நின்னு பாத்து எழுதினவனுக்குத் தெரியாதா? இவ போட்டோவப் பாத்துக் கண்டுபிடிச்சாளாம்."

அப்போதுதான் நான் அம்மாவிடம் சொன்னேன். "எழுதினவன்ட்டயே கேப்போம். நீ வா. அவன் நம்ம வண்டிதான்னு சொன்னா நான் பொறவு இந்த வீட்டுல நிக்கல்ல." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணி எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா வராமல் தீராது என்று அக்காவும் சொல்லியிருந்தாள். வண்டிக்காரன் இல்லை என்றால் வாரிசு வர வேண்டும், சாவுச் சர்டிபிகேட்டும் ஆர்.சி.யும் வேண்டும் என்று. கருங்கலில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறி, கொட்டாரம் தாண்டிப் போனோம். வழி நெடுக அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வெளியே நெல் வயல் பச்சையாகக் கிடந்தது. அண்ணன் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும்போது வயலைப் படம் எடுத்து அனுப்புவான். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் கூடியது. அவனை நினைத்து அழ எனக்கு நேரம் கொடுத்தார்களா இவர்கள்?

டிராபிக் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு எஸ்.எஸ்.ஐ. இருந்தார். வெயிலில் நின்று கறுத்த முகம். டீ குடித்துக்கொண்டிருந்தார். சலானில் இருந்தது அவர் பெயர்தான்.

நான் தாளை வைத்தேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "இருநூறு ரூபாதானம்மா. ஆன்லைன்ல கட்டிரலாமே. இதுக்காகவா கருங்கல்லேர்ந்து வந்தீங்க?"

"எங்க வண்டி இல்ல சார்."

"ஓனர் பேர் மெஷின்லயே வரும்மா. நாங்க எழுதறதில்ல. நம்பர் போட்டா பேர் தானா வரும்."

"நம்பரத் தப்பாப் போட்டா யாருக்க பேரு சார் வரும்?"

அவர் டம்ளரை வைத்தார். "வண்டிக்காரன எங்க?"

"கல்லறைத் தோட்டத்துல," என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. சாவுச் சர்டிபிகேட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "அவன் செத்த பொறவுதான் சார் நீங்க பிடிச்சிருக்கீங்க."

"மெதுவாப் பேசும்மா."

"நான் ரெண்டு வாரமா மெதுவாத்தான் பேசினேன். கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டேன். ஒருத்தரும் பாக்கல. இந்தப் படத்துல இருக்க பிள்ளை நான்னு ஊரே சொல்லுது. நீங்கதான நேருல பாத்தீங்க? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, நானா?"

ஸ்டேஷனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு போலீஸ்காரரிடம் சலான் நம்பரைச் சொன்னார். படம் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பிறகு என் பிரிண்டைப் பார்த்தார். "எழுபத்தஞ்சு போட்டுப் பாரு," என்றார். அந்தப் போலீஸ்காரர் போட்டார். வேறு ஒரு பெயர், வேறு ஊர். எங்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டவில்லை. ஆனால் அவர் உதட்டைப் பிதுக்கியதை நான் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் வர்ற லோக்கல் வண்டி எல்லாம் நாலுதாம்மா. நாள் பூரா நாலு நாலுன்னு தட்டிக் கை பழகிப் போச்சு. பேரு வந்ததும் அந்தப் பயகிட்ட கேட்டேன், இது யாரு, உன் அண்ணனாடான்னு. ஆமான்னு தலையாட்டினான்."

"அவன் ஆமான்னான், நீங்க விட்டீங்க."

"ஞாயித்துக்கிழமைம்மா. கூட்டம்."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ அது எங்க வண்டி இல்லியா சார்?"

"இல்லம்மா. உங்க வண்டி இல்ல."

"இந்தப் பிள்ளை?"

அவர் என்னைப் பார்த்தார். "அது வேற பொண்ணும்மா. இந்தப் பொண்ணு இல்ல. அது கண்ணாடி போட்டிருந்துச்சு."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரால் அழிக்க முடியாதாம். மெஷினில் ஏறிவிட்டால் ஸ்டேஷனில் எடுக்க முடியாதாம். மனு எழுதிக் கொடுத்தால் அவர் தவறு நடந்தது என்று ரிப்போர்ட் வைத்து எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்புவார், அங்கிருந்துதான் ரத்தாகும், அதுவரை காசு கட்டாதீர்கள் என்றார். வந்ததும் கட்டச் சொன்ன அதே வாய். மனுவை நான் சொல்லச் சொல்ல அந்தக் கம்ப்யூட்டர் போலீஸ்காரர் எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். சாவுச் சர்டிபிகேட் நகலையும் ஆர்.சி. நகலையும் சேர்த்துக் குத்தினோம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு நகலில் சீல் வேண்டும் என்று நின்றேன். "இருநூறு ரூபாய்க்கு இம்புட்டா," என்று சிரித்துக்கொண்டே சீல் அடித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் கை பழகியதற்கு நான் ஊரில் தலைகுனிந்து நடந்தேன். அவர் சிரிக்கிறார்.

பஸ்ஸில் அம்மா, "வெயிலு, வாடிப் போன மக்கா. ஒரு சோடா குடிக்கியா?" என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

ரத்தாக நாள் ஆயிற்று. நாற்பத்தொன்றாம் நாள் பூசையும் முடிந்து போனது. சித்தப்பா பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனார். ஒரு மத்தியானம் நெட் சென்டர் அக்கா கடை வாசலில் வந்து நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். எங்கள் வண்டி நம்பரைப் போட்டால் சலான் எதுவும் இல்லை என்று வந்தது. அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

அந்த வாரம் எங்கள் தெரு அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். மாதம் ஒரு வீடு என்று மாறி மாறி ஜெபம் வைப்போம். பைபிள் வாசித்த பிறகு ஆளாளுக்கு மன்றாட்டு சொல்வார்கள். மழைக்காக, நோயாளிகளுக்காக, துபாயில் வேலை தேடும் பிள்ளைகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்ல வேண்டும். அம்மா கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு அவள் சொன்னாள்.

"போலீசு தப்பா எழுதின சலானு இல்லாம ஆயாச்சு ஆண்டவரே. எனக்க மகன்க்க வண்டி எங்கயும் போகல்ல. எனக்க மவ எங்கயும் போகல்ல. அத ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தவங்களுக்கு நல்ல புத்தி குடும். கேட்டு நம்பினவளுக்கும் குடும். அதுக்காக உம்ம மன்றாடுகேன்."

யாரோ ஒருவர் தொடங்கினார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். சொல்லாமல் முடியுமா? சித்தி பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் மட்டும் சொல்லவில்லை. கேட்டு நம்பினவளுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும் என்று என் வாயால் சொன்னால், அவளை மன்னித்தேன் என்று ஆகிவிடும். எனக்கு அன்றைக்கு அதற்கு மனம் இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன்.